பண்டிகைத் தள்ளுபடிக்குப் பின் உயர்ந்த ஆர்டர்கள்: எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு முன்னிழுப்பு?

பெரிய பண்டிகைத் தள்ளுபடி விற்பனை முடிந்த மறுவாரம், இணைய வணிகத்தில் இருப்பவர்கள் பலரும் ஒரே வகையான வரைபடத்தைப் பார்க்கிறார்கள். பல வாரங்கள் ஏறக்குறைய சமமாக ஓடிய கோடு, தள்ளுபடி வாரத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதைப் பார்த்ததும் "தேவை மூன்று மடங்காகிவிட்டது" என்று சொல்லிவிடுவது எளிது. அந்தச் சொல்லை நம்பி அடுத்த மூன்று மாதங்களுக்கான சரக்கு வாங்கப்படுகிறது, கிடங்கு பெரிதாக்கப்படுகிறது, ஆட்கள் சேர்க்கப்படுகிறார்கள். இன்னொரு பக்கம், "தள்ளுபடியில் போனதெல்லாம் எப்படியும் விற்றிருக்கக்கூடியதுதான்" என்று முழுவதையும் ஒதுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே ஊகங்கள்தாம். இரண்டில் எது எந்த அளவுக்கு உண்மை என்பதை ஆர்டர் தரவைக் கொண்டே பெருமளவு கணக்கிட முடியும். அந்தக் கணக்கை, அடிக்கடி வாங்கப்படும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இந்தக் கட்டுரை படிப்படியாகச் செய்து காட்டுகிறது.

## முன்பணமும் சம்பள உயர்வும்

ஒருவருடைய வங்கிக் கணக்கில் இந்த மாதம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பணம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது சம்பள உயர்வாக இருக்கலாம், அடுத்த மாதச் சம்பளத்திலிருந்து வாங்கிய முன்பணமாகவும் இருக்கலாம். இந்த மாதத்துப் பதிவை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அடுத்தடுத்த மாதங்களின் பதிவைப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்: முன்பணமாக இருந்தால் பின்வரும் மாதங்களில் அதே அளவு குறையும், உயர்வாக இருந்தால் குறையாமல் புதிய நிலையிலேயே நிற்கும்.

தள்ளுபடி வாரத்து விற்பனையும் இப்படிப்பட்டதே. வாடிக்கையாளர் ஒருவர் அடுத்த மாதம் வாங்க இருந்த பொருளை, விலை குறைந்திருக்கிறது என்பதற்காக இந்த வாரமே வாங்கிவிட்டால், அதை முன்னிழுப்பு என்கிறோம். வாங்கிய காலம் மாறியிருக்கிறது. வாங்கும் மொத்த அளவு மாறவில்லை. தள்ளுபடி நீங்கி, வழக்கமான விலைக்குத் திரும்பிய பிறகும் விற்பனை முன்பைவிட உயர்ந்த நிலையில் தொடர்ந்தால் அதுவே உண்மையான தேவை வளர்ச்சி. எனவே தள்ளுபடி வாரத்து உயரத்தை எவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்தாலும் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. விடை அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்களில் இருக்கிறது.

## மேட்டுக்குள் கலந்திருப்பவை

தள்ளுபடி வாரத்தில் வழக்கத்துக்கு மேல் விற்ற அளவை மேடு என்று அழைப்போம். அதற்குள் நான்கு வகையான விற்பனை கலந்திருக்கிறது. முதலாவது, தள்ளுபடி வரப்போகிறது என்று தெரிந்து முந்தைய வாரங்களில் வாங்காமல் காத்திருந்தவர்களின் கொள்முதல். இரண்டாவது, வரும் வாரங்களுக்குச் சேர்த்து இப்போதே வாங்கியவர்களின் கொள்முதல். மூன்றாவது, அதே கடையில் வேறொரு பொருளை வாங்க இருந்தவர்கள் இந்தப் பொருளுக்கு மாறியது. இந்த மூன்றையும் கழித்த பிறகு எஞ்சுவதே நான்காவது வகை: தள்ளுபடி இல்லாவிட்டால் இந்தக் கடையில் நடந்தே இருக்காத விற்பனை.

முதல் வகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பண்டிகைத் தள்ளுபடி முன்கூட்டியே விளம்பரப்படுத்தப்படுவதால், பாதிப்பு தள்ளுபடி நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மேட்டுக்குப் பின்னால் மட்டுமல்லாமல் முன்னாலும் ஒரு பள்ளம் இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். நான்காவது வகை விற்பனைகூட ஒரு முறை மட்டும் நடந்த கூடுதலாக இருக்கலாம். அது தொடர்ந்தால் மட்டுமே வளர்ச்சி என்ற பெயருக்குத் தகுதி பெறும்.

## அடிநிலையை எங்கிருந்து எடுப்பது

தள்ளுபடியே இல்லாதிருந்தால் ஒவ்வொரு வாரமும் எவ்வளவு விற்றிருக்கும் என்ற மதிப்பீட்டை அடிநிலை என்கிறோம். முழுக் கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது. தவறுகளில் பெரும்பாலானவையும் இங்கேதான் நுழைகின்றன.

தள்ளுபடிக்குச் சற்று முந்தைய இரண்டு வாரங்களின் சராசரியை அடிநிலையாக எடுப்பது மிகப் பரவலான பழக்கம். அந்த வாரங்களில்தான் வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள் என்பதால் அந்தச் சராசரி இயல்புக்குக் கீழே இருக்கும். சென்ற ஆண்டின் அதே வாரத்தை எடுப்பதிலும் சிக்கல் உண்டு. சந்திரனின் சுழற்சியை ஒட்டிக் கணிக்கப்படும் பண்டிகைகளின் தேதி ஆண்டுதோறும் நகர்கிறது. எனவே நாட்காட்டியின் 42ஆம் வாரத்தை 42ஆம் வாரத்தோடு ஒப்பிட்டால், ஒரு பக்கம் பண்டிகை வாரமும் மறுபக்கம் சாதாரண வாரமும் நிற்கக்கூடும். பண்டிகை நாளை மையமாக வைத்து, அதற்கு எத்தனை வாரம் முன், எத்தனை வாரம் பின் என்று எண்ணி ஒப்பிடுவதே சரியான முறை.

பாதுகாப்பான வழி, காத்திருப்பு தொடங்குவதற்கு முந்தைய எட்டு அல்லது பத்து வாரங்களை எடுத்து, அவற்றில் வேறு தள்ளுபடிகள் நடந்த வாரங்களை நீக்கி, ஏற்கெனவே இருந்த மெதுவான ஏற்றத்தையும் பண்டிகைக் காலத்துக்கே உரிய இயல்பான மாற்றத்தையும் சேர்த்து முன்னோக்கி நீட்டிப் பார்ப்பது. தள்ளுபடி தரப்படாத ஒரு பகுதியோ வாடிக்கையாளர் பிரிவோ இருந்தால் அது இன்னும் நல்ல அளவுகோல். அதை ஒப்பீட்டுக் குழு என்பார்கள். பண்டிகைக் காலத்தின் இயல்பான ஏற்ற இறக்கம் இரு குழுவுக்கும் பொதுவானது என்பதால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தள்ளுபடியின் விளைவாகக் கொள்ளலாம்.

எதை எண்ணுவது என்பதும் முக்கியம். ஆர்டர்களின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினால், ஒரே ஆர்டரில் மூன்று பொட்டலம் வாங்கிச் சேமித்தவர் ஒருவராகவே கணக்கில் வருவார். முன்னிழுப்பின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே பொருளின் எண்ணிக்கையையே எண்ண வேண்டும். ரத்தானவற்றையும் திரும்பி வந்தவற்றையும், அவை எப்போது திரும்பி வந்தாலும், முதலில் ஆர்டர் செய்யப்பட்ட வாரத்திலிருந்து கழிக்க வேண்டும். தள்ளுபடி வாரத்து ஆர்டர்கள் பின்னொரு வாரத்தில் திரும்பி வந்து, அந்த வாரத்தில் கழிக்கப்பட்டால், இல்லாத பள்ளம் ஒன்று உருவாகிவிடும்.

## எண்களில் ஒரு கணக்கு

விளக்கத்துக்காக மட்டும் அமைத்துக்கொண்ட எண்களைக் கொண்டு இதைச் செய்து பார்ப்போம். பொருள் சலவைத்தூள், ஒரு பொட்டலம் ஒரு வீட்டுக்குச் சுமார் இரண்டு வாரம் வரும். அடிநிலை வாரத்துக்கு 1,000 பொட்டலங்கள். ரத்துகளையும் திரும்பியவற்றையும் கழித்த பின் கிடைத்த விற்பனை இது:

| வாரம் | விற்பனை | அடிநிலையிலிருந்து வேறுபாடு |
|---|---|---|
| 2 வாரம் முன் | 900 | −100 |
| 1 வாரம் முன் | 800 | −200 |
| தள்ளுபடி வாரம் | 3,000 | +2,000 |
| 1 வாரம் பின் | 600 | −400 |
| 2 வாரம் பின் | 650 | −350 |
| 3 வாரம் பின் | 750 | −250 |
| 4 வாரம் பின் | 850 | −150 |
| 5 வாரம் பின் | 950 | −50 |

மேட்டின் அளவு 2,000. முன் பள்ளத்தில் 300 பொட்டலங்களும் பின் பள்ளத்தில் 1,200 பொட்டலங்களும் குறைந்திருக்கின்றன. இரண்டையும் கழித்தால் எஞ்சுவது 500. அதாவது வழக்கத்துக்கு மேல் விற்றதாகத் தோன்றியதில் நான்கில் மூன்று பங்கு காலம் மாறிய விற்பனை. இதே எட்டு வாரங்களில் திரவச் சலவைப் பொருளின் விற்பனை அதன் அடிநிலையைவிட 150 குறைந்திருந்தது என்றும், ஒரு திரவப் புட்டி ஒரு பொட்டலத்துக்கு ஈடு என்றும் கொண்டால், கடைக்கு மொத்தமாகக் கிடைத்த கூடுதல் 350தான். தள்ளுபடியோ விற்ற 3,000 பொட்டலங்களுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடிநிலையைத் தவறாக எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் இதே அட்டவணையில் பார்க்கலாம். தள்ளுபடிக்கு முந்தைய இரண்டு வாரச் சராசரியான 850ஐ அடிநிலையாகக் கொண்டால், மேடு 2,150 ஆக உயர்கிறது. முன் பள்ளம் மறைந்தே போகிறது. பின் பள்ளம் 1,200லிருந்து 450 ஆகச் சுருங்குகிறது. 500 ஆக இருந்த கூடுதல் 1,700 ஆகிவிடுகிறது. தரவில் ஒரு எண்கூட மாறவில்லை. மாறியது ஒப்பிடும் கோடு மட்டுமே.

அடுத்து, விற்பனை பழைய நிலைக்கு மேல் நிலைத்ததா என்று பார்க்க வேண்டும். பின் பள்ளம் நிரம்பிய பிறகு, 7ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரையிலான சராசரி 1,020 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சதவீத வளர்ச்சி என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் சாதாரணக் காலத்திலேயே இந்தப் பொருளின் வார விற்பனை எந்தக் காரணமும் இல்லாமல் 60 பொட்டலங்கள் அளவுக்கு ஏறி இறங்குகிறது என்றால், ஆறு வாரச் சராசரியும் 25 அளவுக்கு ஏறி இறங்கவே செய்யும் (60ஐ 6இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது). 20 என்ற வேறுபாடு அந்த இயல்பான அசைவுக்குள் அடங்கிவிடுகிறது. 1,080 என்று வந்திருந்தால் அதைப் பொருட்படுத்தலாம். 1,020ஐ வைத்து வளர்ச்சி என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: மேட்டிலிருந்து இரு பள்ளங்களையும் வேறு பொருளிலிருந்து மாறியதையும் கழித்தால் ஒரு முறைக் கூடுதல் கிடைக்கிறது, பள்ளம் நிரம்பிய பிறகு நிற்கும் நிலையை இயல்பான ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்டால் வளர்ச்சி உண்டா என்பது தெரிகிறது.

## வாங்கியவர்களைப் பின்தொடர்தல்

மொத்த எண்கள் என்ன நடந்தது என்று சொல்கின்றன. யாரால் நடந்தது என்று சொல்வதில்லை. அதற்கு வாடிக்கையாளர்களைப் பழையவர், புதியவர் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எனக்கு மொத்தக் கணக்கைவிட இந்தப் பகுதியில்தான் அதிக நம்பிக்கை. அடிநிலையில் சிறு பிழை இருந்தாலும் இங்கே அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை.

பழைய வாடிக்கையாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாங்கிய ஒவ்வொரு பொட்டலமும் அவருக்கு எத்தனை நாள் வந்தது? தள்ளுபடியில் மூன்று பொட்டலம் வாங்கியவர் 42ஆம் நாள் வாக்கில் திரும்பி வந்தால், பொட்டலத்துக்கு 14 நாள். வழக்கம் மாறவில்லை, அவர் சேமித்து வைத்துப் பயன்படுத்தியிருக்கிறார். 28ஆம் நாளிலேயே வந்தால் பொட்டலத்துக்கு 9 நாள்தான் ஆகிறது, பயன்பாடே கூடியிருக்கிறது. கையில் நிறைய இருக்கும்போது தாராளமாகப் பயன்படுத்துவது தின்பண்டங்களிலும் பானங்களிலும் இயல்பு. சலவைத்தூள் போன்றவற்றில் அதற்கு அவ்வளவாக இடமில்லை.

இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று பொட்டலம் வாங்கிய பழைய வாடிக்கையாளர்கள் 400 பேர். 28ஆம் நாளில் தரவைத் திறந்து பார்க்கிறோம்; 60 பேர் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்; அவர்களின் சராசரி இடைவெளி 21 நாள். பொட்டலத்துக்கு 7 நாள் என்றால் பயன்பாடு இரட்டிப்பாகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் அந்தச் சராசரியில் இருப்பவர்கள் விரைவாகத் திரும்பியவர்கள் மட்டுமே. இன்னும் வராத 340 பேர் கணக்கிலேயே இல்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டு, "400 பேரில் பாதிப் பேர் திரும்பி வர எத்தனை நாள் ஆனது?" என்று கேட்க வேண்டும். 200ஆவது ஆள் 41ஆம் நாளில் வந்தார் என்றால், பொட்டலத்துக்கு ஏறக்குறைய 14 நாள் என்ற பழைய வழக்கமே தொடர்கிறது. பாதிப் பேர் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. அவசரப்பட்டு எடுக்கும் சராசரி எப்போதும் நம்பிக்கையூட்டும் பக்கமாகவே பிழை செய்யும்.

புதிய வாடிக்கையாளர்களுக்கும் மேடும் பள்ளமும் உண்டு. வழக்கமாக வாரத்துக்கு 50 பேர் முதன்முறையாக வாங்குகிறார்கள் என்றும், தள்ளுபடி வாரத்தில் 300 பேர் வந்தார்கள் என்றும் கொள்வோம். முந்தைய இரண்டு வாரங்களில் தலா 40, பிந்தைய நான்கு வாரங்களில் தலா 30 என்று வரவு குறைந்திருந்தால், மொத்தம் 100 பேர் எப்படியும் வர இருந்தவர்கள். அவர்களின் வருகை நாள் மட்டும் மாறியிருக்கிறது. அந்த வாரத்துக்கு உரிய 50 பேரையும் இந்த 100 பேரையும் கழித்தால், தள்ளுபடியால் கூடுதலாக வந்தவர்கள் 150 பேர்.

இந்த 300 பேரில் எத்தனை பேர் அடுத்த எட்டு வாரங்களுக்குள் முழு விலை கொடுத்து மீண்டும் வாங்கினார்கள் என்பதே தீர்ப்பான எண். சாதாரண வாரங்களில் வந்த புதியவர்களில் 40 சதவீதம் பேர் அப்படி வாங்குவார்கள். தள்ளுபடி வாரத்தில் வந்தவர்களில் 22 சதவீதம் பேர், அதாவது 66 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பார்வைக்கு 66 புதிய நிலையான வாடிக்கையாளர்கள். ஆனால் தள்ளுபடி இல்லாவிட்டாலும் 150 பேர் வந்திருப்பார்கள். அவர்களில் 40 சதவீதம், 60 பேர் நிலைத்திருப்பார்கள். ஆக உண்மையான கூடுதல் 6 பேர். இரண்டு வாரத்துக்கு ஒரு பொட்டலம் என்ற கணக்கில் இது வாரத்துக்கு மூன்று பொட்டலம். மொத்த எண்களில் 1,020 என்ற நிலையை வளர்ச்சியாக எடுத்துக்கொள்ளத் தயங்கியது சரிதான் என்று வாடிக்கையாளர் பக்கக் கணக்கும் சொல்கிறது.

புதியவர் என்ற பட்டியலையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. முதல் ஆர்டருக்குக் கூடுதல் சலுகை உண்டென்றால், பழைய வாடிக்கையாளர்கள் புதிய கணக்கு தொடங்கி வாங்குவார்கள். விநியோக முகவரியை ஒப்பிட்டு, ஒரே வீட்டின் கணக்குகளை ஒன்றாக்கிய பிறகே எண்ண வேண்டும்.

## பள்ளம் போலத் தோன்றும் வேறொன்று

தள்ளுபடியில் சரக்கு தீர்ந்துபோய், மறுவாரம் பொருள் "கையிருப்பில் இல்லை" என்று காட்டியிருந்தால், ஆர்டர்கள் குறைந்ததற்கு முன்னிழுப்பு காரணமல்ல. வாங்க வந்தவருக்குப் பொருள் கிடைக்கவில்லை. ஆர்டர் தரவு நடந்த விற்பனையை மட்டுமே பதிவு செய்கிறது, நடக்காமல் போனதைப் பதிவதில்லை. ஒவ்வொரு வாரத்திலும் பொருள் எத்தனை நாள் கையிருப்பில் இருந்தது என்பதை அருகில் வைத்துக்கொண்டு, இல்லாத நாட்களைப் பள்ளக் கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முன்னிழுப்பை மிகைப்படுத்தி, இருக்கும் வளர்ச்சியையும் இல்லை என்று சொல்லிவிடுவோம்.

## நெடுநாள் உழைக்கும் பொருட்கள்

சலவைத்தூளில் பள்ளம் ஆறு வாரத்தில் நிரம்பிவிட்டது. சலவை இயந்திரத்தில் அப்படி நடக்காது. அதைத் தள்ளுபடியில் வாங்கியவர்களில் ஒருவர் அடுத்த மாதமும், இன்னொருவர் ஐந்து மாதம் கழித்தும், மற்றொருவர் அடுத்த ஆண்டும் வாங்க இருந்திருக்கலாம். முன்னிழுக்கப்பட்ட விற்பனை பல மாதங்களுக்கு மெல்லியதாகப் பரவிவிடுவதால், ஒவ்வொரு வாரத்திலும் ஏற்படும் குறைவு இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துபோகும். இத்தகைய பொருட்களில் "தள்ளுபடிக்குப் பின் விற்பனை விழவே இல்லை" என்பது வளர்ச்சிக்கு ஆதாரமாகாது.

இங்கே ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 2009ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்க அரசு நடத்திய பழைய கார் மாற்றுத் திட்டம். பழைய காரைக் கொடுத்துவிட்டு எரிபொருளைக் குறைவாகச் செலவழிக்கும் புதிய காரை வாங்குவோருக்கு 3,500 அல்லது 4,500 டாலர் தரப்பட்டது. பொருளியல் அறிஞர்கள் ஆதிஃப் மியானும் அமிர் சூஃபியும், திட்டத்துக்குத் தகுதியான பழைய கார்கள் நிறைந்த நகரங்களையும் அவை குறைவாக இருந்த நகரங்களையும் ஒப்பிட்டார்கள். திட்டம் நடந்த இரண்டு மாதங்களில் சுமார் 3,70,000 கார்கள் கூடுதலாக விற்றிருந்தன. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் முதல் வகை நகரங்களில் விற்பனை மற்றவற்றைவிடக் குறைந்துகொண்டே வந்து, 2010 மார்ச்சுக்குள் அந்தக் கூடுதல் ஏறக்குறைய முழுவதும் ஈடாகிவிட்டது.

அவர்கள் பார்த்தது ஒவ்வொரு மாதத்தின் விற்பனையை மட்டுமல்ல, திட்டம் தொடங்கிய நாளிலிருந்து கூட்டிக்கொண்டே வந்த மொத்தத்தையும். நெடுநாள் உழைக்கும் பொருட்களுக்கு இதே முறையைக் கையாள வேண்டும்: தள்ளுபடி பெற்ற பிரிவுக்கும் பெறாத பிரிவுக்கும் இடையிலான வேறுபாட்டை வாரவாரமாகக் கூட்டி ஒரே கோடாக வரைய வேண்டும். தள்ளுபடி வாரத்தில் அந்தக் கோடு எழும். பிறகு மெல்லச் சரியும். அது சரிந்துகொண்டிருக்கும்வரை முன்னிழுப்பின் கணக்கு முடியவில்லை என்று பொருள். சரிவு நின்று கோடு கிடைமட்டமாகும் உயரமே தள்ளுபடியால் ஒரு முறை கிடைத்த கூடுதல். தள்ளுபடி இல்லாத வாரங்களிலும் கோடு மீண்டும் ஏறத் தொடங்கினால் மட்டுமே அதை வளர்ச்சியாகப் பதிவு செய்யலாம். கோடு நிலைகொள்வதற்குள் அடுத்த பெரிய தள்ளுபடி வந்துவிட்டால், இரண்டின் மேடுகளும் பள்ளங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். அப்போது இரண்டையும் தனித்தனியாக அளக்க முயலாமல், இரண்டும் அடங்கிய முழுக் காலத்தையும் ஒரே கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.